ஒரே டிரிப், ரெண்டு நாற்காலி: அப்பாவுக்குக் "குணமாக்க", பக்கத்துல இருந்தவருக்கு "பேலியேட்டிவ்". எப்படி?

கரிசல்காட்டான் | 2024 மார்ச் 4, இரவு 11:20

அப்பாவுக்கு 61 வயசு. பெருங்குடல்ல கேன்சர், ஜனவரியில ஆபரேஷன் முடிஞ்சது. எடுத்த 16 நெறிகட்டியில 2-ல நோய் இருந்துச்சு. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போகலைன்னு சி.டி.யில பாத்துட்டாங்க. இன்னைக்கு முதல் கீமோ.

பக்கத்து நாற்காலியில தேனிக்காரர் ஒருத்தர். அப்பா மாதிரியே உயரம், அதே உடம்பு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பை வந்துச்சு. ரெண்டு லேபிள்லயும் ஆக்ஸாலிப்ளாட்டின் 220 மி.கி. வீட்டுக்குக் குடுத்த மாத்திரையும் ஒண்ணுதான், கேப்பசிட்டபின் 500. காலையில 3, ராத்திரி 4, 14 நாள் போட்டுட்டு 7 நாள் ஓய்வு, இது ஒரு சைக்கிள்.

நர்ஸ் ரெண்டு ஃபைலையும் ஒரே ஸ்டூல்ல வச்சுட்டுப் போயிட்டாங்க. பாத்திருக்கக் கூடாது, பாத்துட்டேன். அப்பா ஃபைல்ல "க்யூரேட்டிவ்"னு எழுதியிருக்கு. அவர் ஃபைல்ல "பேலியேட்டிவ்", அதாவது குணமாக்க இல்ல. ஒரே மருந்து, ஒரே அளவு, இது எப்படி?

இன்னொண்ணு. அப்பாவுக்கு மொத்தமே 4 சைக்கிள்தான்னு சொல்லிட்டாங்க. அவருக்கு இது அஞ்சாவது, இன்னும் போகுமாம். நாங்க இன்சூரன்ஸ் கார்டுல பாக்குறோம், அதான் 4-ல முடிக்கிறாங்கன்னு தம்பி சொல்றான். குணமாக்கணும்னா கூடத்தான குடுக்கணும்?

பிள்ளையார்பட்டிக்காரன் | மார்ச் 5, காலை 7:02

இதுல என்ன குழப்பம். குணமாக்குற கீமோன்னா ஹை டோஸ், பேலியேட்டிவ்னா லோ டோஸ். மச்சானுக்குத் தொண்டையில வந்தப்ப நேர்ல பாத்தவன் நான். பேலியேட்டிவ்னா முடிஞ்சதுன்னு அர்த்தம் பாஸ், வலிக்கு ஏதோ குடுத்து அனுப்புவாங்க. லேபிளை நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்க.

கரிசல்காட்டான் | மார்ச் 5, காலை 7:40

220. ரெண்டு மணி நேரம் அந்த ரெண்டு பைக்கும் நடுவுலதான் உக்காந்திருந்தேன். வேற என்னத்தப் பாக்க.

செல்வி அக்கா | மார்ச் 5, மதியம் 2:15

தம்பி, கம்பெனி மாறினாலும் மருந்து ஒண்ணுதான், பயப்படாதீங்க. அம்மாவுக்கு மார்புல வந்து ஆபரேஷன் ஆனப்புறம் லெட்ரசோல் 2.5 மாத்திரை, தினம் ஒண்ணு. எங்க தெருவுல இன்னொரு அம்மாவுக்கும் அதே மாத்திரை, டப்பா கலர் மட்டும் வேற. அவங்களுக்கு எலும்புல பரவிடுச்சு. எங்கம்மா 5 வருஷத்துல நிறுத்தியாச்சு, அந்தம்மா இன்னும் போட்டுட்டு இருக்காங்க.

கரிசல்காட்டான் | மார்ச் 5, மதியம் 2:50

அக்கா, நான் கம்பெனியைக் கேக்கல. ஆனா நீங்க சொன்னதேதான் என் கேள்வி. உங்கம்மாவுக்கு ஏன் நிறுத்துனாங்க, அவங்களுக்கு ஏன் நிறுத்தல?

செல்வி அக்கா | மார்ச் 5, மதியம் 3:05

அட ஆமா. நானும் இத்தனை வருஷமா யோசிக்கல பாருங்க.

கலவைக்காரர் | மார்ச் 5, இரவு 9:30

கேன்சர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இந்தப் பைகளைக் கலக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு, 22 வருடம். ஓய்வு பெற்றுவிட்டேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் அப்பாவின் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

முதலில் அந்த 220. இது உடல் பரப்பளவை வைத்துப் போடும் கணக்கு. 165 செ.மீ., 62 கிலோ உள்ளவருக்கு உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 1.69 சதுர மீட்டர் வரும். இந்த மருந்துக்குச் சதுர மீட்டருக்கு 130 மி.கி. பெருக்கிப் பாருங்கள், 219.7. மாத்திரை ஒரு வேளைக்குச் சதுர மீட்டருக்கு 1000 மி.கி., அதாவது 1690. ஐந்நூறு மாத்திரையில் அதைச் சரியாகப் பிரிக்க முடியாது, அதனால்தான் காலை 3, இரவு 4. இந்தக் கணக்கில் "நோக்கம்" என்ற கட்டமே கிடையாது. ஆபரேஷன் முடிந்தவருக்கும் பரவியவருக்கும் நான் ஒரே அளவைத்தான் கலந்திருக்கிறேன்.

பிள்ளையார்பட்டிக்காரர் சொன்னது கதிர்வீச்சுக்குப் பெரும்பாலும் பொருந்தும். தொண்டைக் கேன்சரைக் குணமாக்க 35 நாள் வைத்து 70 கிரே வரை போவார்கள். எலும்பில் பரவிய இடத்தில் வலி குறைய ஒரே நாளில் 8 கிரே போதும். மச்சானுக்குப் பார்த்தது அதுவாக இருக்கலாம். கீமோவிலும் வயதானவர்களுக்கு அளவைக் குறைத்துத் தொடங்குவது உண்டு. ஆனால் இந்த ஊசியும் மாத்திரையும் சேர்ந்ததற்குப் பெயர் கேப்பாக்ஸ், அதில் வித்தியாசம் பையில் இல்லை. எப்போது நிறுத்துவது, எதைப் பார்த்து நிறுத்துவது என்பதில் இருக்கிறது.

அப்பாவின் உடம்பில் இப்போது கண்ணுக்குத் தெரிகிற கட்டி எதுவும் இல்லை; சர்ஜன் எடுத்துவிட்டார். நெறிகட்டி வரை வந்த நோய் என்பதால் எங்காவது சில செல்கள் தங்கியிருக்கலாம் என்று சந்தேகம், அவ்வளவுதான். இதே நிலையில் 100 பேர் இருந்தால் ஏறக்குறைய பாதிப்பேர் ஆபரேஷனிலேயே குணமானவர்கள். அவர்களுக்கு இந்த டிரிப் தேவையே இல்லை. இன்னும் 20 பேர் வரை இந்த மருந்தால் தப்பிப்பார்கள். மீதிப் பேருக்கு மருந்து கொடுத்தும் திரும்பும். அப்பா இதில் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அளந்து பார்க்கக் கட்டி இல்லாததால் எண்ணிக்கையை முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள்.

அந்த எண்ணிக்கை முன்பு 8 சைக்கிள், ஆறு மாதம். பிறகு ஆறு சோதனைகளைச் சேர்த்து 12,834 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். ஐடியா என்று பெயர், 2018-ல் வெளிவந்தது. மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மூன்று மாதக் குழுவில் 74.6 சதவீதம், ஆறு மாதக் குழுவில் 75.5. மூன்று மாதம் ஒன்றும் குறைவில்லை என்று மொத்தமாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் கட்டி குடலின் வெளி உறையைத் துளைக்காமல், பக்கத்து உறுப்புக்குள் போகாமல் நின்று, நோயுள்ள நெறிகட்டி 3-க்குள் இருந்தவர்களுக்கு, அதிலும் கேப்பாக்ஸ் எடுத்தவர்களுக்கு, மூன்று மாதமே, அதாவது 4 சைக்கிளே, போதும் என்று தெரிந்தது. உங்கள் அப்பாவுக்கு 2. கார்டுக்கும் இந்த 4-க்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

மற்றவர் ஃபைலை இனிப் படிக்காதீர்கள்.

கரிசல்காட்டான் | மார்ச் 5, இரவு 10:15

படிக்க மாட்டேன் ஐயா. தம்பிக்கு இதை அனுப்பிட்டேன். "பாதிப்பேருக்குத் தேவையே இல்லைன்னா எதுக்குப் போடணும்"னு திருப்பிக் கேக்குறான். அவனை எதுல சேக்குறதுன்னு தெரியல.

கரிசல்காட்டான் | மார்ச் 8, இரவு 8:45

தம்பிக்கு நான் சொன்னது: கோரை. எங்க காட்டுல கோரையை மேலால அறுத்தா நாலு நாள்ல மறுபடி நிக்கும், ஏன்னா கிழங்கு உள்ள கிடக்கு. அப்பாவுக்கு சர்ஜன் வேரோட எடுத்துட்டார். தவறிக் கிடக்குற ஒண்ணு ரெண்டு குருத்துக்கு இந்த மருந்து. தேனிக்காரருக்குக் காடு பூரா கிழங்கு. அதே மருந்துதான், மேல இருக்குற பச்சை கருகும், கிழங்கு நிக்கும். சரியா?

அப்பா முதல் ராத்திரி பிரிட்ஜைத் திறந்து மோர் எடுத்தார். சொம்பைத் தொட்டதும் கையில ஷாக் அடிச்ச மாதிரி கீழ போட்டுட்டார். குளிர்ச்சி ஆகாதுன்னு நர்ஸ் சொன்னாங்க, ஐஸ்தான் ஆகாதுன்னு நாங்க நினைச்சுட்டோம். இப்ப பிளாஸ்க்ல வெந்நீர். குளிச்சிட்டு ஈரத் தரையில செருப்புப் போட்டுத்தான் நடக்குறார்.

கலவைக்காரர் | மார்ச் 9, காலை 6:10

கோரை பாதி தூரம் வரும். பெரிய கட்டியில் கோடிக்கணக்கான செல்கள், அதில் இந்த மருந்துக்கு மசியாத சில செல்கள் முதல் நாளிலிருந்தே இருக்கும். மற்றவை சாக, இவை நின்று பெருகும். மிச்சமிருப்பது சில ஆயிரம் செல்தான் என்றால் மசியாதது ஒன்றுகூட அதில் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

ஆனால் உங்கள் கணக்குப்படி, காட்டையே கருக்குகிற மருந்து குருத்தைக் கட்டாயம் கொல்ல வேண்டும் அல்லவா? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இரினோடீக்கான் பரவிய குடல் கேன்சரில் நன்றாக வேலை செய்யும் மருந்து. அதை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்துப் பெரிய சோதனைகள் நடந்தன, சேர்த்ததால் பலன் கிடைக்கவில்லை. பெவாசிசுமாப் 2004-ல் பரவிய நோய்க்கு வந்தது. அதையும் ஆபரேஷனுக்குப் பின் கீமோவோடு சேர்த்துப் பார்த்தார்கள். குணமானவர்கள் கூடவில்லை, அவான்ட் என்ற சோதனையில் சேர்த்தவர்கள் நிலை மோசமாக இருக்கலாம் என்ற சாயலே தெரிந்தது. ஏன்? அது கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயைத் தடுக்கும் மருந்து. தனியாக ஒட்டியிருக்கும் நாலு செல்லுக்கு ரத்தக்குழாயே இன்னும் முளைத்திருக்காது என்பார்கள். இரினோடீக்கானுக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

ஆக்ஸாலிப்ளாட்டினும் கேப்பசிட்டபினும் இரண்டு பக்கமும் ஓடுகின்றன என்றால், இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்ததால்தான். "அவருக்குக் கொடுக்கிற அந்த விலை உயர்ந்த ஊசியை அப்பாவுக்கும் போடுங்கள்" என்று கேட்டு வரும் பிள்ளைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

பிள்ளையார்பட்டிக்காரன் | மார்ச் 9, காலை 10:30

டோஸ் விஷயம் வாபஸ். மச்சானுக்கு நடந்தது கதிர்வீச்சுதான், அக்காவைக் கேட்டுட்டேன். ஆனா பேலியேட்டிவ்னா முடிஞ்சதுங்கிறதை வாபஸ் வாங்க மாட்டேன்.

கலவைக்காரர் | மார்ச் 9, இரவு 7:20

வாங்க வேண்டாம், ஆனால் பிரித்துப் பாருங்கள். "பேலியேட்டிவ் கேர்" வேறு. வலி, வாந்தி, தூக்கம், மனசு இவற்றைக் கவனிக்கும் பிரிவு அது. குணமாகப் போகிறவருக்கும் தேவைப்படும். ஃபைலில் எழுதுகிற "பேலியேட்டிவ்" கீமோவின் இலக்கு. ஆயுளை நீட்டுவதும் கஷ்டத்தைக் குறைப்பதும் அதில் சேர்த்தி. வருடக்கணக்கில் அப்படி ஓட்டியவர்களுக்கு நான் பை கலந்திருக்கிறேன்.

அந்த எழுத்து மாறவும் செய்யும். ஈரலில் மட்டும் சில கட்டிகள் இருந்து, அறுக்க முடியாத இடத்தில் இருந்தால் முதலில் கீமோ கொடுப்பார்கள். சுருங்கினால் சர்ஜனைக் கூப்பிடுவார்கள். பாரிஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி 2004-ல் வெளியிட்ட கணக்கில், அறுக்க முடியாது என்று வந்த 1,104 பேரில் 138 பேருக்குப் பிறகு அறுக்க முடிந்தது. அந்த 138-ல் மூன்றில் ஒருவர் ஐந்து வருடம் தாண்டினார். அவர்களுக்குப் பாதி வழியில் நோக்கம் மாறியது, மருந்து அதேதான்.

செல்வி அக்கா | மார்ச் 10, காலை 11:00

அம்மாவுக்கு 5 வருஷம் முடிஞ்சு மாத்திரையை நிறுத்துன அன்னைக்கு அழுதுட்டாங்க. நிறுத்துனா திரும்ப வந்துடும்னு பயம். டாக்டர்தான், "உங்களுக்கு முடிக்கிறதுக்குன்னே ஆரம்பிச்ச மாத்திரைம்மா இது"ன்னார். எதிர்வீட்டம்மாவுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது, அது கேக்குற வரைக்கும் போடணுமாம். இப்பதான் புரியுது.

கரிசல்காட்டான் | மார்ச் 26, இரவு 9:50

நேத்து ரெண்டாவது. ஊசி போட்ட கையில தோள் வரைக்கும் கடுப்பு, வெந்நீர்ப் பை வச்சு ஓட்டுனோம். தேனிக்காரருக்கு ஆறாவது. அவரே பேசினார். ஈரல்ல ரெண்டு பக்கமும், நுரையீரல்லயும் இருக்காம், "சுருங்கிட்டு வருது"ன்னார். அவருக்கு 9 வாரத்துக்கு ஒருக்கா ஸ்கேன். அப்பாவுக்கு நடுவுல ஸ்கேன் ஏன் எடுக்கலன்னு நான் கேக்க இருந்தேன், அப்புறம்தான் நினைவு வந்துச்சு, எடுத்தா பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல.

முதல் பதிவுல "அஞ்சாவது, இன்னும் போகும்"னு பொறாமையா எழுதிட்டேன். அதைத் திருத்தப் போனேன், திருத்த விடல இந்தத் தளம்.

கரிசல்காட்டான் | ஏப்ரல் 16, இரவு 10:40

மூணாவதுல ஒரு சண்டை. அப்பாவுக்கு 9 நாள் ஆகியும் விரல் நுனி மரத்துக் கிடந்துச்சு. சட்டைப் பொத்தான் போட முடியுதான்னு டாக்டர் கேட்டார், போட்டுக் காட்டினார். "இன்னும் ஒண்ணுதான், தாங்கலாம்"னு அதே அளவுல குடுத்துட்டார்.

தேனிக்காரருக்கு அன்னைக்கே டிரிப்பை நிறுத்திட்டாங்க, மாத்திரை மட்டும். அவருக்கும் மரமரப்புதான். ரசீது எண்ணுற கடைவேலை அவருக்கு, பேப்பரைப் புரட்ட முடியலைன்னார். மனுஷன் முகம் செத்துப் போச்சு. "சுருங்கிட்டு வரும்போது ஏன் தம்பி நிறுத்துறாங்க? கைவிட்டுட்டாங்களா?" நான் என்னத்தச் சொல்ல. ஒருத்தர்கிட்ட தாங்குங்கன்னு சொல்லி, இன்னொருத்தருக்கு நிறுத்துறாங்க. ஐயா?

கலவைக்காரர் | ஏப்ரல் 17, காலை 5:55

கைவிடவில்லை. ஒரு கணக்குப் போடுங்கள். இந்த மருந்தின் மரமரப்பு ஒரு பைக்கு வருவதல்ல, சேர்ந்து வருவது. சதுர மீட்டருக்கு 800 மி.கி. பக்கம் வந்ததும் பலருக்கு விரல் வேலையைக் கெடுக்கும். 130 வீதம் ஆறு சைக்கிள் 780. அவர் சரியாக அங்கே நிற்கிறார். அப்பாவுக்கு 4 சைக்கிளில் 520, அதோடு முடிகிறது. அதற்குப் பிறகும் சில மாதம் மரமரப்பு கூடலாம், மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் நின்றுவிடும்.

அப்பாவுக்குப் பேரம் இது: மூன்று மாதக் கஷ்டம், பதிலுக்கு நோயே திரும்பாத வாய்ப்பு. அங்கே கொஞ்சம் தாங்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பொத்தான் போட முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பார், அல்லது ஆக்ஸாலிப்ளாட்டினை மட்டும் விட்டிருப்பார். அதற்காகத்தான் போட்டுக் காட்டச் சொன்னது. அப்பாவைக் கௌரவத்துக்காகப் பொய் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவருக்கு முடியும் தேதி இல்லை. கைகளைக் கெடுத்துக்கொண்டு வாழும் வருடத்தில் லாபம் என்ன? ஆப்டிமாக்ஸ் என்ற பிரெஞ்சு சோதனையில் ஆக்ஸாலிப்ளாட்டினைத் தொடர்ந்து கொடுத்தவர்களையும், ஆறு சுற்றுக் கொடுத்து நிறுத்தி, மற்ற மருந்தை ஓட்டி, பிறகு திரும்பக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். நோய் கட்டுப்பட்டதிலும் ஆயுளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மருந்தை அவருக்காக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மாத்திரையில் இருவருக்கும் ஒரே எச்சரிக்கை. உணவு முடிந்து அரை மணிக்குள் போட வேண்டும். ஒரு நாளில் வழக்கத்தை விட நாலு தடவையோ அதற்கு மேலோ வயிற்றோட்டம் போனால், வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாமல் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும். விட்ட மாத்திரையைப் பிறகு சேர்த்துப் போடக் கூடாது. "குணமாகணுமே" என்று பல்லைக் கடித்து முழுங்குகிறவர்கள்தான் ஐ.சி.யூ. வரை போவார்கள்.

கரிசல்காட்டான் | ஏப்ரல் 17, காலை 8:20

அப்பாகிட்ட கேட்டேன். ஒரு பொத்தானை ஏற்கனவே போட்டு வச்சிருந்தாராம். நாளைக்கு டாக்டருக்குப் போன் பண்ணணும்.

பிள்ளையார்பட்டிக்காரன் | ஏப்ரல் 17, காலை 9:00

உங்கப்பாவை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

கரிசல்காட்டான் | மே 7, இரவு 9:15

நாலாவது முடிஞ்சது, ஆக்ஸாலிப்ளாட்டின் அளவைக் குறைச்சுத்தான் குடுத்தார். இனி நோய் திரும்புதான்னு பாக்க மூணு மாசத்துக்கு ஒருக்கா சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, அப்புறம் சி.டி. "குணமாயிடுச்சா"ன்னு அப்பா கேட்டார். "அஞ்சு வருஷம் கழிச்சுச் சொல்றேன்"னார் டாக்டர்.

ஒரு விஷயம் உறுத்துது. இது குணமாக்குற கீமோ இல்லன்னு தேனிக்காரருக்குத் தெரியாது. அவர் மகன் டாக்டர்கிட்ட சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாராம், மகனே என்கிட்ட சொன்னார். அவர் என்னடான்னா "உங்கப்பாவுக்கு 4-ல முடிஞ்சது, எனக்கு 10-ல முடிஞ்சிடும்"னு விரல் விட்டு எண்ணிட்டு இருக்கார். சொல்லணுமா?

கலவைக்காரர் | மே 8, காலை 6:30

நீங்கள் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவர் டாக்டர், கேட்கிற உரிமை அவருடையது. மகனிடம் வேண்டுமானால் பேசுங்கள்.

சொன்னாலும் எவ்வளவு போய்ச் சேரும் என்பது வேறு. 2012-ல் அமெரிக்காவில் பரவிய குடல் கேன்சருக்குக் கீமோ எடுத்தவர்களிடம் கேட்ட ஆய்வில், 81 சதவீதம் பேருக்கு இது குணமாக்காது என்று புரிந்திருக்கவில்லை. அங்கே நோயாளியிடம் நேரே சொல்வதுதான் வழக்கம்.

செல்வி அக்கா | மே 8, மதியம் 1:40

நான் ஒத்துக்க மாட்டேன். அப்பாவுக்கு நாங்க மறைச்சோம். காட்டை யாருக்கு எழுதணும்னு சொல்லாமலே போயிட்டார், இப்ப மூணு அண்ணன் தம்பியும் கோர்ட்ல நிக்கிறாங்க. தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பார்.

பிள்ளையார்பட்டிக்காரன் | மே 8, மாலை 6:05

மச்சானுக்குச் சொன்னோம். சாப்பாட்டை விட்டுட்டான். நான் மறைக்கிற கட்சி.

கரிசல்காட்டான் | ஆகஸ்ட் 19, இரவு 10:00

அப்பாவுக்கு சி.இ.ஏ. நார்மல். கால் விரல் மட்டும் மரத்திருக்கு, செருப்பு கழண்டு போனது தெரியாம வாசல் வரைக்கும் நடந்து வந்துடுறார்.

தேனிக்காரர் போன் பண்ணினார். ரேஷன் கடையில கைரேகை விழலையாம். அஞ்சு விரலும் வச்சுப் பாத்தாச்சு, மெஷின் ஏத்துக்கல, கடைக்காரர் "கை தேஞ்சு போச்சு பெரியவரே"ன்னு திருப்பி அனுப்பிட்டார்.

கலவைக்காரர் | ஆகஸ்ட் 20, காலை 6:00

மாத்திரையால் வருவது. உள்ளங்கை சிவந்து, உரிந்து, வழவழப்பாகிவிடும். இதே மாத்திரை எடுத்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரைக் கைரேகை இல்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்ததை ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். மாத்திரை எடுப்பதாக டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தோல் வெடித்து வலித்தால் அளவைக் குறைக்கலாம், அவர் நிலையில் அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கரிசல்காட்டான் | நவம்பர் 11, இரவு 11:05

தேனிக்காரர் இன்னைக்குக் கூப்பிட்டார். போன வாரம் ஸ்கேன் எடுத்தாங்களாம். மகன் சாயங்காலமே எனக்கு மெசேஜ் போட்டிருந்தார், ஈரல்ல வளந்திருக்குன்னு. அது அவருக்குத் தெரியல.

"தம்பி, மறுபடி டிரிப் ஆரம்பிச்சுட்டாங்க. அன்னைக்கு நிறுத்தினாங்களே, அதே மருந்துதான், உங்கப்பாவுக்குப் போட்டது. நல்ல சேதிதான?"

கை இப்ப எப்படிண்ணே இருக்குன்னு கேட்டேன். பேப்பர் புரட்ட வருதுன்னார். பிரிட்ஜைத் தொடாதீங்க, பிளாஸ்க் எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டேன்.